இரட்டைப் புள்ளி வார இறுதி: உங்கள் புள்ளிக்கு எத்தனை ரூபாய்?

சனிக்கிழமை காலை 8 மணி முதல் ஞாயிறு இரவு 10 மணி வரை எங்கள் மருந்துக்கடையில் இரட்டைப் புள்ளி. அறிவிப்பு மின்னஞ்சல் போய்ச் சேர்ந்ததும் தொலைபேசியிலும் கல்லாவிலும் வழக்கமாக வரும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எல்லாக் கணக்கையும் ரூபாயில் முடித்திருக்கிறேன். புள்ளி எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் யாருக்கும் எதுவும் விளங்காது.

இரட்டைப் புள்ளி என்றால் கடைசியில் கைக்கு எவ்வளவு வரும்? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

100 ரூபாய்க்கு 2 ரூபாய் 50 காசு. மற்ற நாட்களில் இது 1 ரூபாய் 25 காசு.

கணக்கு இதுதான்: நீங்கள் செலுத்தும் ஒவ்வொரு 20 ரூபாய்க்கும் ஒரு புள்ளி. நான்கு புள்ளி சேர்ந்தால் ஒரு ரூபாய். இந்த வார இறுதியில் 20 ரூபாய்க்கு இரண்டு புள்ளி. ஆனால் நான்கு புள்ளிக்கு ஒரு ரூபாய் என்பது மாறாது. இந்தத் தொகையைப் பணமாகத் தரமாட்டோம். அடுத்த முறை வாங்கும்போது பில்லில் கழித்துக்கொள்வோம்.

என் கணக்கில் 860 புள்ளி என்று காட்டுகிறது. அப்படியானால் 860 ரூபாயா?

இல்லை, 215 ரூபாய். புள்ளியை நான்கால் வகுத்தால் ரூபாய் வந்துவிடும். இந்தக் குழப்பம் அடிக்கடி நேர்வதால், இப்போது எங்கள் மின்னஞ்சலின் முதல் வரியிலேயே புள்ளிக்குப் பக்கத்தில் ரூபாயையும் எழுதுகிறோம். பெரிய எண்ணைக் காட்டி ஆசை மூட்டுவது மருந்துக்கடைக்கு அழகில்லை.

செலவழிப்பதற்கு மூன்று விதிகள் உண்டு. கணக்கில் குறைந்தது 100 புள்ளி, அதாவது 25 ரூபாய் மதிப்பு, இருக்க வேண்டும். ஒரு பில்லில் பாதித் தொகைக்கு மேல் புள்ளியால் கழிக்க முடியாது. இன்றைய பில்லில் கிடைத்த புள்ளியை அதே பில்லில் பயன்படுத்தவும் முடியாது.

ஒரு முழு பில்லை வைத்துக் கணக்குப் போட்டுக் காட்ட முடியுமா?

சர்க்கரையும் ரத்த அழுத்தமும் உள்ள பெரியவர் ஒருவரும் கைக்குழந்தை ஒன்றும் இருக்கும் வீட்டின் மாதாந்திர பில்லை எடுத்துக்கொள்வோம்.

சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு ஆகியவற்றுக்கான மாத்திரைகளின் அச்சிட்ட விலை 1,140 ரூபாய். மாத்திரைக்கு எப்போதும் தரும் 10 சதவீதத் தள்ளுபடி போக 1,026 ரூபாய். சர்க்கரை பார்க்கும் ஸ்ட்ரிப் டப்பா ஒன்று 990 ரூபாய். அதற்குத் தள்ளுபடி இல்லை. சோப்பு, பற்பசை வகையில் 164 ரூபாய். குழந்தைக்கான பால் பவுடர் 450 ரூபாய். ஆக மொத்தம் 2,630 ரூபாய். இவர்கள் பழைய புள்ளியில் 200ஐ இன்று பயன்படுத்துகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு 50 ரூபாய் கழியும். கல்லாவில் கொடுக்க வேண்டியது 2,580 ரூபாய்.

இப்போது புள்ளிக் கணக்கு. பால் பவுடருக்குப் புள்ளி கிடையாது. காரணம் கீழே இருக்கிறது. அதை நீக்கினால் 2,180 ரூபாய். புள்ளியால் கழித்த 50 ரூபாய்க்கு மறுபடி புள்ளி கிடையாது. ஆகவே 2,130 ரூபாய். இதை 20ஆல் வகுத்தால் 106 புள்ளியும் கொஞ்சம் மீதியும். மீதியை விட்டுவிடுவோம். வழக்கமான நாளில் 106 புள்ளி, அதாவது 26 ரூபாய் 50 காசு. இந்த வார இறுதியில் 212 புள்ளி, அதாவது 53 ரூபாய்.

இந்த வாரம் வந்து வாங்குவதால் இந்தக் குடும்பத்துக்குக் கூடுதலாகக் கிடைப்பது 26 ரூபாய் 50 காசு. எப்படியும் வாங்கப்போகிற மருந்து என்றால் இது நல்ல காசு. இதற்காகவே ஆட்டோ பிடித்து வருவதென்றால் வேண்டாம். அடுத்த வாரம் இந்தப் பக்கம் வரும்போது வாங்குங்கள்.

ஒரு சின்ன விஷயம்: 20க்குக் குறைவான மீதி ஒவ்வொரு பில்லிலும் விடுபடுகிறது. அதனால் எல்லாவற்றையும் ஒரே பில்லாகப் போடச் சொல்லுங்கள். மூன்று நான்கு பில்லாகப் பிரித்தால் ஒன்றிரண்டு புள்ளி வீணாகும்.

பால் பவுடருக்கு ஏன் புள்ளி இல்லை? எங்கள் வீட்டில் அதுதான் பெரிய செலவு.

சட்டம் தடுக்கிறது. குழந்தைகளுக்கான தாய்ப்பால் மாற்றுப் பொருள்கள், பால்புட்டிகள், குழந்தை உணவுகள் பற்றி 1992இல் வந்த சட்டமும் 2003இல் அதற்குச் செய்த திருத்தமும், இவற்றின் விற்பனையைத் தூண்டும் விளம்பரம், பரிசு, சலுகை எதையும் அனுமதிப்பதில்லை. தாய்ப்பால் கொடுக்கக்கூடிய தாயைச் சலுகை காட்டிப் பவுடர் பக்கம் இழுக்கக்கூடாது என்பதே நோக்கம். புள்ளியும் ஒரு சலுகைதான். ஆகவே இரண்டு வயது வரையிலான குழந்தைகளுக்கான பவுடர், பால்புட்டி, டப்பா உணவு எதற்கும் புள்ளி ஏறாது. ஏற்கெனவே சேர்ந்த புள்ளியை இவற்றின் விலையில் கழிக்கவும் முடியாது. மேலே சொன்ன பில்லிலும் 50 ரூபாய் கழிந்தது மற்றப் பொருள்களில்தான்.

எங்காவது ஒரு கடை பால் பவுடருக்கு இரட்டைப் புள்ளி என்று விளம்பரம் செய்தால், அந்தக் கடை சட்டத்தைப் படிக்கவில்லை என்று பொருள்.

டாக்டர் எழுதித் தந்த மருந்துக்குப் புள்ளி உண்டா?

பெரும்பாலானவற்றுக்கு உண்டு. ஆனால் அட்டவணை எச்1 என்ற பட்டியலில் உள்ள மருந்துகளுக்கு நாங்கள் புள்ளியே தருவதில்லை. வார இறுதியிலும் இல்லை. வீரியம் மிக்க சில ஆன்டிபயாடிக், காசநோய் மருந்துகள், அல்பிரசோலம் போன்ற பழக்கப்படுத்தும் மாத்திரைகள், டிரமடால் போன்ற வலி மருந்துகள் இந்தப் பட்டியலில் வருகின்றன. 2014 மார்ச் முதல் நடைமுறையில் உள்ள விதிப்படி, இவற்றை விற்கும்போது எழுதிய மருத்துவர், நோயாளி, மருந்து, அளவு ஆகிய விவரங்களைத் தனிப் பதிவேட்டில் குறித்து மூன்று ஆண்டு வைத்திருக்க வேண்டும். உறையில் சிவப்புக் கட்டத்துக்குள் ஓர் எச்சரிக்கை இருக்கும். அதைப் பார்த்தாலே தெரிந்துவிடும்.

இவற்றுக்குப் புள்ளி தராதது எங்கள் முடிவு. தூக்க மாத்திரையைக் கூடுதலாக ஒன்று வாங்கினால் லாபம் என்ற எண்ணம் ஒரு நொடிகூட யார் மனதிலும் எழக்கூடாது.

மூன்று மாத மாத்திரையையும் இப்போதே வாங்கி வைத்துவிடலாமா?

எங்களுக்கு விற்பனை கூடும். ஆனாலும் பெரும்பாலோருக்கு நான் வேண்டாம் என்றுதான் சொல்வேன்.

மேலே சொன்ன குடும்பமே மாத்திரைகளை மூன்று மாதத்துக்கு வாங்குகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த இரண்டு மாதத்துக்கான 2,052 ரூபாயை முன்கூட்டியே செலவழிப்பதால் கூடுதலாகக் கிடைக்கும் புள்ளி 102. அதாவது 25 ரூபாய் 50 காசு. எதிர்ப்பக்கம் என்ன இருக்கிறது? சர்க்கரை நோயாளிக்கு எச்பிஏ1சி சோதனை பொதுவாக மூன்று மாதத்துக்கு ஒருமுறை எடுக்கிறார்கள். அதைப் பார்த்து மருத்துவர் மாத்திரையின் அளவைக் கூட்டலாம், குறைக்கலாம், மாத்திரையையே மாற்றலாம். மாத்திரை மாறிய அன்று, வீட்டில் மிஞ்சும் அட்டைகளின் விலையே இந்த 25 ரூபாயை விழுங்கிவிடும். வெட்டிய அட்டையைத் திரும்ப வாங்க எங்களால் முடியாது. இன்சுலினை வெட்டாமலே கொண்டுவந்தாலும் முடியாது. அது 2 முதல் 8 டிகிரி செல்சியஸ் குளிரில் இருக்க வேண்டியது. உங்கள் வீட்டில் அது எங்கே இருந்தது என்று எங்களுக்குத் தெரியாது, அடுத்த நோயாளிக்கு அதைக் கொடுக்கவும் மனம் வராது.

ஸ்ட்ரிப் வாங்குபவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். சில பிராண்டுகளில் டப்பாவைத் திறந்த பிறகு மூன்று மாதம்தான் கெடு. திறந்த தேதியை டப்பாவின் மேலேயே பேனாவால் எழுதிவையுங்கள். இரண்டு டப்பா வாங்கினாலும் ஒன்று தீர்ந்த பிறகு மற்றொன்றைத் திறந்தால் பாதகமில்லை.

வருடக்கணக்கில் ஒரே அளவில் தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர், சமீபத்தில் சோதனை முடித்தவர், மருந்துச் சீட்டில் அத்தனை மாதத்துக்கும் எழுதியிருப்பவர் என்றால் கல்லாவில் மருந்தாளுநரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு வாங்கலாம். உறையில் காலாவதித் தேதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

பக்கத்துக் கடையில் 12 சதவீதம் தள்ளுபடி. உங்களிடம் 10. எது லாபம்?

நாளைப் பொறுத்தது. அச்சிட்ட விலை 1,140 ரூபாய் என்று அதே மாத்திரைகளை எடுத்துக்கொள்வோம். அந்தக் கடையில் 136 ரூபாய் 80 காசு உடனே மிச்சம். எங்களிடம் இந்த வார இறுதியில் தள்ளுபடி 114 ரூபாய், அதோடு 102 புள்ளி, அதாவது 25 ரூபாய் 50 காசு. கூட்டினால் 139 ரூபாய் 50 காசு. ஏறக்குறைய சமம்.

சாதாரண நாளில் எங்கள் புள்ளியின் மதிப்பு 12 ரூபாய் 75 காசுதான். அன்று அந்தக் கடையில்தான் 10 ரூபாய் லாபம். தவிர, தள்ளுபடி இன்றே பையில் நிற்கும் பணம்; புள்ளியோ நீங்கள் எங்களிடம் திரும்பி வந்தால் மட்டுமே பணம். இரண்டும் சமமாக வந்தால் தள்ளுபடிக்கே என் ஓட்டு.

இதைவிடப் பெரிய மிச்சம் வேறோர் இடத்தில் இருக்கிறது. ஒரே மூலக்கூறு கொண்ட மாத்திரையை வெவ்வேறு நிறுவனங்கள் மிகவும் வேறுபட்ட விலைகளில் விற்கின்றன. அடுத்த முறை போகும்போது மூலப்பெயரில் எழுதித் தர முடியுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். மக்கள் மருந்தகத்திலும், தமிழ்நாட்டில் 2025 பிப்ரவரியில் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலும் அப்படிப்பட்ட மருந்துகள் குறைந்த விலையில் கிடைக்கின்றன. எந்தப் புள்ளித் திட்டமும் அந்த அளவுக்கு ஈடாகாது. ஆனால் எழுதியிருக்கும் மருந்துக்குப் பதில் வேறொன்றை நீங்களாகவே மாற்றிக்கொள்ள வேண்டாம்.

புள்ளி தருவதற்காக முதல் நாளே விலையை ஏற்றிவிடுகிறீர்களா?

மருந்தின் உறையில் அச்சிட்ட விலைக்கு மேல் யாரும் விற்க முடியாது; வரியும் அதற்குள்ளேயே அடக்கம். அத்தியாவசிய மருந்துகளுக்கு 2013ஆம் ஆண்டின் மருந்து விலைக் கட்டுப்பாட்டு ஆணைப்படி உச்ச விலையை அரசே நிர்ணயிக்கிறது. ஆகவே விலையை ஏற்ற வழியில்லை. கடைக்காரர் விளையாடக்கூடிய இடம் தள்ளுபடிதான். போன மாதம் 10 சதவீதம் கொடுத்துவிட்டு, புள்ளி வாரத்தில் 7 சதவீதமாகக் குறைத்தால் இரட்டைப் புள்ளியால் கிடைப்பதைவிட அதிகம் பறிபோகும். போன மாத பில்லையும் இந்த மாத பில்லையும் பக்கத்தில் வைத்துத் தள்ளுபடிப் பத்தியை மட்டும் ஒப்பிட்டுப் பாருங்கள். எங்கள் பில்லில் 10 சதவீதத்துக்குக் கீழே தெரிந்தால் அங்கேயே கேளுங்கள். எந்தக் கடைக்குப் போனாலும் இந்தச் சோதனையைச் செய்யலாம்.

பழைய புள்ளியை இந்த வாரம் செலவழிக்கலாமா, வைத்திருக்கலாமா?

காசுக் கணக்கில் பெரிய வித்தியாசம் இல்லை. புள்ளியால் கழித்த தொகைக்குப் புதுப் புள்ளி கிடையாது என்பதால், இரட்டைப் புள்ளி நாளில் 50 ரூபாயைக் கழித்தால் ஏறத்தாழ 5 புள்ளி இழப்பீர்கள். சாதாரண நாளில் அதில் பாதி. வித்தியாசம் 60 காசு அளவுதான்.

முக்கியமாகப் பார்க்க வேண்டியது காலாவதி. வழக்கமான புள்ளிக்கு 12 மாத ஆயுள். இந்த வார இறுதியில் கூடுதலாக ஏறும் பங்குக்கு 90 நாள்தான். முதலில் காலாவதியாகும் புள்ளியே முதலில் கழியும். அதை நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டியதில்லை. ஆகவே பழைய புள்ளி எதுவும் இந்த மாதம் காலாவதியாகவில்லை என்றால் இப்போது சேர்த்துக்கொண்டு, அடுத்த மாத பில்லில் கழிக்கச் சொல்லுங்கள்.

மாதம் 400 ரூபாய்க்குத்தான் வாங்குகிறேன். எனக்கு இதனால் என்ன பயன்?

கணக்கில் ஏற்கெனவே புள்ளி இருந்தால் 5 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கும். பூஜ்யத்திலிருந்து தொடங்குபவர் என்றால் பயன் இல்லாமலே போகலாம். இந்த வாரம் உங்களுக்கு 20ம் கூடுதல் 20ம் சேர்ந்து 40 புள்ளி. அடுத்த மாதம் 60, அதற்கடுத்த மாதம் 80. நான்காவது பில் போடும்போதும் கணக்கில் 80தான். 100 இல்லாததால் செலவழிக்க முடியாது. அதற்குள் 90 நாள் முடிந்து கூடுதல் 20 மறைந்துவிடும். புதிதாகச் சேர்பவர்களில் மாதம் 700 ரூபாய்க்கு மேல் வாங்குபவருக்குத்தான் இந்தக் கூடுதல் பங்கு கைக்கு வரும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை மின்னஞ்சலிலும் எழுதியிருக்கிறோம்.

வீட்டில் எல்லோரும் ஒரே கைபேசி எண்ணைக் கொடுத்தால் புள்ளி சீக்கிரம் சேருமே?

சேரும். அப்பா, அம்மா இருவருடைய மாத்திரையையும் ஒரே எண்ணில் போட்டு 100 புள்ளியை எட்டுவது நல்ல யோசனைதான். ஆனால் அந்த எண்ணின் கணக்கைத் திறந்தால் வாங்கிய மருந்துகளின் பெயர்கள் எல்லாம் பட்டியலாகத் தெரியும். கல்லூரிக்குப் போகும் மகள் வாங்கும் மாத்திரையும், மருமகன் மன அழுத்தத்துக்குச் சாப்பிடும் மாத்திரையும் வீட்டுப் பெரியவரின் கைபேசியில் வரிசையாக நிற்கும். யாருடைய உடல்நிலையும் இன்னொருவர் படிக்கும் செய்தியாகக் கூடாது. அப்படி ஏதாவது இருந்தால் தனி எண் கொடுங்கள், அல்லது எண் இல்லாமல் பில் போடச் சொல்லுங்கள். புள்ளி போகும், போகட்டும். கல்லாவில் இருப்பவர் காரணம் கேட்கமாட்டார்.

சனிக்கிழமை வாங்கினேன். பாதிப் புள்ளிதான் ஏறியிருக்கிறது.

வழக்கமான பங்கு பில் போட்டதும் ஏறும். கூடுதல் பங்கு, திருப்பித் தரப்பட்ட பொருள்களைக் கழித்த பிறகு, புதன்கிழமை மாலைக்குள் ஏறும்.

புதன் கழிந்தும் ஏறவில்லை என்றால் பில்லின் அடியில் மூன்று விவரம் பாருங்கள்: கைபேசி எண்ணின் கடைசி நான்கு இலக்கம், பில் நேரம், ‘புள்ளிக்குரிய தொகை’ என்ற வரி. பெரும்பாலும் கடைசி நான்கு இலக்கத்தில்தான் விடை இருக்கும். மருந்து வாங்க வந்த மகன் தன் எண்ணைச் சொல்லியிருப்பார்; புள்ளி அங்கே போயிருக்கும். பில்லைக் கொண்டுவந்தால் மாற்றித் தருகிறோம். தொகை வரி எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தால் பால் பவுடரோ எச்1 மருந்தோ பில்லில் இருக்கிறதா என்று பாருங்கள்.

வீட்டுக்கு வரவழைத்தால் புள்ளி உண்டா?

உண்டு. பில் போடும் நேரம்தான் கணக்கு, மருந்து வந்து சேரும் நேரம் இல்லை. மருந்துச் சீட்டை மருந்தாளுநர் படித்துச் சரிபார்த்த பிறகே பில் போட முடியும். ஆகவே ஞாயிறு இரவு 7 மணிக்குள் சீட்டின் தெளிவான படத்தை அனுப்பிவிடுங்கள்.

“உங்கள் 4,800 புள்ளி இன்றிரவு காலாவதியாகிறது, இந்த லிங்கை அழுத்துங்கள்” என்று செய்தி வந்திருக்கிறது. நீங்கள் அனுப்பியதா?

இல்லை. அழுத்த வேண்டாம். இரட்டைப் புள்ளி போன்ற அறிவிப்புகள் வரும் நாட்களில் இந்த மோசடிச் செய்திகளும் கூடவே வரும். எங்கள் மின்னஞ்சல் உங்கள் புள்ளியையும் ரூபாய் மதிப்பையும் காலாவதித் தேதியையும் சொல்லும். எதையும் அழுத்தச் சொல்லாது, வங்கி விவரம் கேட்காது. புள்ளியைச் செலவழிக்க ஓடிபி தேவைதான். ஆனால் நீங்கள் கல்லாவின் முன் நிற்கும்போது மட்டுமே அது வரும். அந்தச் செய்தியில் கழிக்கப்போகும் ரூபாயும் இருக்கும். படித்துப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள். தொலைபேசியில் யார் கேட்டாலும், எங்கள் கடைப் பெயரைச் சொன்னாலும், சொல்லாதீர்கள்.

ஏற்கெனவே லிங்கை அழுத்திக் கணக்கு விவரம் கொடுத்துவிட்டீர்கள் என்றால் முதலில் வங்கியைக் கூப்பிட்டுக் கணக்கை முடக்கச் சொல்லுங்கள். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணிலோ cybercrime.gov.in தளத்திலோ புகார் செய்யுங்கள். பணம் பல கணக்குகளுக்குக் கைமாறுவதற்கு முன் புகார் போனால்தான் அதை நிறுத்திவைக்க வாய்ப்பு அதிகம். எங்களிடமும் சொல்லுங்கள், அதே செய்தி மற்றவர்களுக்கும் போயிருக்கும், அன்றே எல்லோருக்கும் எச்சரிக்கை அனுப்புவோம்.